ஜட்ஜ் வீட்டுச் சமையலுக்கு மணிக்கு எவ்வளவு

வலியசாலைத் தெருவில் கணக்கு என்றால் அனந்தலக்ஷ்மிதான். சீட்டுப் பணம் பிரிப்பதானாலும் சரி, கல்யாணச் சமையலுக்கு அரிசிப் படி போடுவதானாலும் சரி, பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளிடம்தான் வருவார்கள். ஐந்தாம் பாரம் வரை படித்தவள். அதற்கு மேல் படிக்க வைக்காமல் சேஷனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதில் அவளுக்கு வருத்தம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், கொஞ்சம் உண்டு, ஆனால் சேஷன் மேல் இல்லை என்று சொல்லியிருப்பாள்.

சேஷன் பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். விடியற்காலம் நாலு மணிக்கு அடுப்பில் நிற்க வேண்டும். பகல் ஒரு மணிக்கு விடுவார்கள். வந்து சாப்பிட்டுப் படுத்தால் மூன்றரைக்குத்தான் எழுந்திருப்பான். மறுபடி இரவு எட்டரைக்குப் படுக்கை, மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டுமே. ஆக, புருஷனும் பெண்டாட்டியும் கண்ணைத் திறந்துகொண்டு ஒரு கூரைக்குக் கீழே இருப்பது சாயங்கால வேளை மட்டும். அந்த வேளையில் அவர்கள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அவன் ஹோட்டலில் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டுவான், முதலாளி எப்படித் தும்மினார் என்பது உட்பட. அவள் கறிகாய் நறுக்கிக்கொண்டே சிரிப்பாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவளுக்கு அலுக்காத விஷயம் இது ஒன்றுதான்.

யுத்தம் தொடங்கி மூன்றாவது வருஷம். பர்மா அரிசி நின்றுபோய், இருக்கிற அரிசி விலை ஏறிவிட்டது. வீட்டுக்காரரும் தம் பங்குக்கு வாடகையை ஏற்றினார். அனந்தலக்ஷ்மி உட்கார்ந்து எழுதிப் பார்த்தாள். மாசம் ஏழு ரூபாய் கூட வந்தால் கையைக் கடிக்காது. சாயங்காலத்தில் இன்னொரு வேலை பார்த்தால்தான் உண்டு என்றாகிவிட்டது.

வேலை கிடைப்பதில் கஷ்டம் இருக்கவில்லை. சேஷனின் கைமணம் ஊருக்குத் தெரியும். ஒரே வாரத்தில் இரண்டு இடத்திலிருந்து ஆள் வந்தது. ஒன்று, அதே தெருவில் இரண்டு வீடு தள்ளி ராமசுப்ரமணியன் நடத்தும் மெஸ். சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தாக்களும் காலேஜ் பையன்களுமாக இருபது பேருக்கு ராச் சாப்பாடு. ஐந்து மணி முதல் ஏழு மணி வரை வேலை, மாசம் ஏழரை ரூபாய். மற்றது, சாஸ்தமங்கலத்தில் ஓய்வுபெற்ற ஒரு ஜட்ஜின் பங்களா. அங்கேயும் அதே ஐந்து முதல் ஏழு வரைதான். சம்பளம் பதினைந்து ரூபாய். இரண்டு இடத்திலும் சாப்பாடு கிடையாது, சம்பளம் மட்டும்.

சேஷன் தரையில் கால் பாவாமல் வந்தான். இரண்டு மடங்கு சம்பளம். அதுவும் ஜட்ஜ் வீடு. தெருமுனைக்கு வருவதற்குள் நாலு பேரிடம் சொல்லியும் ஆகிவிட்டது.

அனந்தலக்ஷ்மிக்கு முதலில் தோன்றியது, அது எவ்வளவு தூரம் என்பதுதான். பஸ்ஸில் போக வேண்டும். திரும்பி வர எத்தனை மணி ஆகும்? ஆனால் வாயைத் திறந்து, நீங்கள் சாயங்காலம் என்னோடு இருக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? அரிசி விற்கிற விலையில் அப்படிப் பேசுகிற பெண்டாட்டியை யார் மெச்சுவார்கள்? ஆகவே அவள் தனக்குத் தெரிந்த பாஷையில் பேசினாள்.

"சம்பளத்தை மட்டும் பார்த்தா ஆகாது. பஸ் கூலி இருக்கு, போற வர நேரம் இருக்கு. எல்லாத்தையும் சேர்த்து, மணிக்கு எவ்வளவு விழறதுன்னு பார்க்கணும்."

சேஷன் ஒப்புக்கொண்டான். கணக்கு எது சொல்கிறதோ அதன்படி செய்வது என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். அவனுக்குத் தெரியும், கணக்கு ஜட்ஜ் பக்கம்தான் பேசும் என்று. அவளுக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. அதை அவள் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

பங்களாவைப் பார்த்துவரப் போன அன்று சேஷன் நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்தான். கிழக்கே கோட்டைக்கு நடை பன்னிரண்டு நிமிஷம். பஸ்ஸுக்குக் காத்திருந்தது ஐந்து நிமிஷம். கரியைப் புகைத்துக்கொண்டு ஓடுகிற பஸ், மேட்டில் முனகிக்கொண்டு ஏறி, சாஸ்தமங்கலம் சேர இருபது நிமிஷம். இறங்கி மூன்று நிமிஷ நடை. ஆக நாற்பது நிமிஷம். திரும்பி வரவும் அதேதான். டிக்கெட், சமஸ்தான நாணயத்தில் போக ஒரு சக்கரம், வர ஒரு சக்கரம். பஸ் கூலியைத் தனியாகத் தருவார்களா என்று ஜட்ஜ் மாமியிடம் கேட்டிருக்கிறான். எல்லாம் பதினைந்தில் அடக்கம் என்று மாமி சொல்லிவிட்டாள்.

அனந்தலக்ஷ்மி சிலேட்டை எடுத்தாள். சமஸ்தானத்துச் சர்க்கார் ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம். சக்கரத்துக்குப் பதினாறு காசு. பதினைந்து ரூபாயை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்குப் பதினாலு சக்கரம். ராமசுப்ரமணியனின் ஏழரை ரூபாய் நாளுக்கு ஏழு சக்கரம். மெஸ்ஸுக்குப் போக நேரமே வேண்டாம், வாசலில் இறங்கி நாற்பது அடி. இரண்டு மணிக்கு ஏழு சக்கரம் என்றால் மணிக்கு மூன்றரை, அதாவது மூன்று சக்கரம் எட்டுக் காசு.

ஜட்ஜ் வீட்டுக்கு வந்தாள். பதினாலில் பஸ்ஸுக்கு இரண்டு போனால் கையில் நிற்பது பன்னிரண்டு. வேலை இரண்டு மணி, வழி ஒரு மணி இருபது நிமிஷம், மொத்தம் மூன்று மணி இருபது நிமிஷம். இருபது நிமிஷத் துண்டுகளாக்கினால் பத்துத் துண்டு. பன்னிரண்டைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினாள். மூன்று சக்கரம் ஒன்பதரைக் காசு, அதற்கும் ஒரு துளி மேலே.

ஒன்றரைக் காசு வித்தியாசத்தில் ஜட்ஜ் ஜெயித்துவிட்டார்.

அவள் ஒரு முறைக்கு இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். கணக்கு அவளைப் பார்த்துக் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தை ஐந்துக்குப் பதில் பத்தாக எழுதினால் போதும், எல்லாம் தலைகீழாகிவிடும். சேஷன் கண்டுபிடிக்கப் போவதில்லை. சாக்கட்டி அந்த ஐந்தின் மேல் போய் நின்றது. பிறகு அவளுக்கே கூச்சமாகிவிட்டது. தெருவே நம்புகிற கணக்கை, அதுவும் கட்டின புருஷனிடம், தன் ஆசைக்காக வளைத்தால் அப்புறம் தனக்கென்று என்ன மிச்சம்? ஜட்ஜ் வீடுதான் மேல் என்று சொல்லிச் சிலேட்டை நீட்டினாள். அவன் வாயெல்லாம் பல்லாக வாங்கிப் பார்த்தான். ஒன்றும் புரியாவிட்டாலும் அழகாக இருக்கிறது என்றான்.

மூன்று நாள் சமைத்துக் காட்ட வேண்டும், பிடித்திருந்தால் வைத்துக்கொள்வோம் என்பது ஜட்ஜ் வீட்டு ஏற்பாடு. மெஸ்காரர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அவரால் காத்திருக்க முடியாது, வேறு ஆளைப் போட்டுக்கொள்வார். செவ்வாய்க்கிழமை சேஷன் பஸ் ஏறினான்.

நாலு இருபதுக்குக் கிளம்பினால் போதும் என்பது கணக்கு. அவன் நாலு மணிக்கே கிளம்பினான். முதல் நாள் உற்சாகம் என்று அவள் நினைத்தாள். ஏழு நாற்பதுக்குத் திரும்பி வந்தான். கிணற்றடிக்குப் போய்க் குளித்தான். அவள்தான் நாலு குடம் இறைத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் யார் மேல் யார் இடித்தார்களோ, அந்த உடம்போடு உள்ளே வந்து இலையில் உட்காருவது அந்தத் தெருவில் வழக்கமில்லை. பஸ் பேதம் பார்க்காது. வலியசாலை அப்படியில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது மணி எட்டு. ஜட்ஜுக்கு ரசம் பிடித்துப்போயிற்று என்று சொல்லும்போதே அவனுக்குக் கண் சொருகியது. ஜட்ஜ் எப்படித் தும்மினார் என்று நடித்துக் காட்டவில்லை. எட்டரைக்குக் குறட்டை.

புதன்கிழமையும் நாலு மணிக்கே கிளம்பினான். எட்டு மணிக்கு இலை. அன்று அவள் கேட்ட நாலு கேள்விக்கு இரண்டுக்குத்தான் பதில் வந்தது. விளக்கைத் தணித்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். இப்படித்தான் இனிமேல் என்று நினைத்தபோது துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அழவில்லை. ஒன்பதரைக் காசு என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டு எதற்கு அழ?

வியாழக்கிழமை அவன் வேஷ்டியை மாற்றிக்கொண்டு நாலு மணிக்குப் புறப்படும்போது அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இது உற்சாகத்தில் சேராது, மூன்று நாளாக ஒரே மாதிரி என்று தோன்றியது. பஸ் தாமதமாகிறதோ, அப்படியானால் காத்திருக்கும் நேரத்தைத் திருத்த வேண்டுமே என்று கணக்கு மூளை உறுத்தியது. அன்றிரவு அவன் சாப்பிடும்போது கேட்டாள், தினமும் எத்தனை மணிக்குப் பங்களா போய்ச் சேருகிறீர்கள் என்று.

நாலு நாற்பதுக்கு, பஸ் சரியாகத்தான் வருகிறது என்றான்.

வேலை ஐந்துக்குத்தானே, பின்னே அந்த இருபது நிமிஷம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"குளிப்பேன். பஸ்ஸுல வந்த உடம்போட மாமி அடுக்களை வாசப்படி ஏற விடுவாளோ? பின்கட்டுல கிணறு இருக்கு. குளிச்சு, மடி உடுத்திண்டு, ஐஞ்சுக்கு அடுப்பு மூட்டுவேன்."

அனந்தலக்ஷ்மி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதை ஏன் நேரத்துக் கணக்குல சொல்லலை?"

சேஷன் அவளை வேடிக்கையாகப் பார்த்தான். "குளிக்கறதை யாராவது நேரத்துல சேர்ப்பாளா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. அந்தத் தெருவில் யாரும் சேர்த்ததில்லை. விடிந்தால் குளியல், வெளியூர் போய் வந்தால் குளியல், சாவு வீட்டுக்குப் போனால் குளியல், பல்லி விழுந்தால் குளியல். மூச்சு விடுகிறதற்கு எவ்வளவு நேரம் என்று யார் குறித்துவைப்பார்கள்? சேஷனை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு ராத்திரியும் கிணற்றடியில் நின்று நாலு குடம் இறைத்துக் கொடுத்தவள் அவள்தான். பஸ்ஸில் போயிராவிட்டால் அந்தக் குளியல் கிடையாது என்பது அவள் புத்திக்கும் எட்டவில்லை. தெருவுக்கே கணக்குப் பார்க்கிறவளுக்குத் தன் வீட்டுக் கிணற்றுக்கயிறு கண்ணில் படவில்லை.

அவன் கை அலம்புவதற்குள் சிலேட்டு வந்துவிட்டது. அங்கே ஒரு குளியல் இருபது நிமிஷம், இங்கே ஒரு குளியல் இருபது நிமிஷம். நாலு மணிக்கு வீட்டை விட்டு இறங்கினால் எட்டு மணிக்குத்தான் மனுஷன் மறுபடி தன் வீட்டில் தன் பாட்டுக்கு உட்காருகிறான். பத்துத் துண்டு பன்னிரண்டு துண்டாயிற்று. கையில் நிற்பது பன்னிரண்டு சக்கரம். துண்டுக்கு ஒரு சக்கரம், மணிக்கு மூன்று சக்கரம். இந்தக் கணக்குக்குச் சிலேட்டே வேண்டாம். மெஸ்ஸில் மூன்றரை.

சேஷனுக்கு இது பிடிக்கவில்லை. பஸ்ஸே வேண்டாம், நடந்து போய்விடுகிறேன், இரண்டு சக்கரமும் மிச்சம், குளியல் இரண்டும் மிச்சம் என்றான். அவள் அதையும் போட்டுப் பார்த்தாள். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி, வேலை இரண்டு, மொத்தம் நாலரை மணி. பதினாலை நாலரையால் வகுத்தால் மூன்று சக்கரமும் இரண்டு காசுக்குக் கொஞ்சம் குறைச்சலும். பஸ்ஸைவிட நடை மேல்தான், ஆனாலும் மெஸ்ஸுக்குக் கீழேதான். தவிர, மூன்றரை மைல் வியர்த்து வழிந்துகொண்டு போனால் மாமி குளிக்காமல் விட்டுவிடுவாளா என்று கேட்டாள். விடமாட்டாள் என்று அவனே ஒத்துக்கொண்டான்.

ஆனால் சேஷன் சமையல்காரன். அடுப்பில் தினம் லாபநஷ்டம் பார்க்கிறவன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சிலேட்டில் இல்லாத ஒன்றைக் கேட்டான். மணிக்கு எவ்வளவோ விழட்டும், மாசக் கடைசியில் கையில் எது கூட? அவள் மறைக்காமல் சொன்னாள். பஸ் கூலி போக ஜட்ஜ் வீட்டில் முந்நூற்று அறுபது சக்கரம். மெஸ்ஸில் இருநூற்றுப் பத்து. நூற்றைம்பது சக்கரம் கூட, அதாவது ஐந்து ரூபாயும் பத்துச் சக்கரமும். அதற்காக நாளுக்கு இரண்டு மணி, மாசம் அறுபது மணி கூடக் கொடுக்க வேண்டும். ஆக அந்த அறுபது மணிக்கு விலை, மணிக்கு இரண்டரைச் சக்கரம்.

"இரண்டரைன்னா இரண்டரை. வெறுதே ஆத்துல உட்கார்ந்திருந்தா அதை யார் தருவா?"

நியாயமான கேள்வி. கணக்கு அத்தோடு முடிந்துவிட்டது. மிச்ச நேரத்துக்கு வேறு உபயோகம் இல்லை என்றால் இரண்டரைச் சக்கரமும் லாபம்தான். இதற்கு மேல் வகுக்கவோ பெருக்கவோ ஒன்றும் இல்லை. சாக்கட்டியை வைத்துக்கொண்டு அவள் என்ன எழுதுவாள்? வீட்டுக்கு வேண்டியது ஏழு, மெஸ்காரர் தருவது ஏழரை, அது போதும் என்று ஆரம்பித்தாள். அது அவள் சொல்ல நினைத்தது இல்லை. பாதியில் நிறுத்தினாள். பிறகு சிலேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த ரெண்டு மணி நேரம் எனக்கு வேணும்."

சேஷனுக்குப் புரியவில்லை. எதற்கு என்று கேட்டான். கடைக்குப் போகவா, மாவு அரைக்கவா?

"ஒண்ணுக்கும் இல்லை. நீங்க இங்க இருக்கணும். மூணு நாளா ஆத்துல ஒரு சத்தம் இல்லை. சோறு போடறேன், தூங்கறேள். முதல் நாள் கணக்குப் போட்டப்பவே ஜட்ஜாத்து வேலை தோத்துப்போகணும்னுதான் வேண்டிண்டேன். ஜெயிச்சுடுத்து. அதனால சொல்லலை."

சொன்ன பிறகு அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுந்துபோய்க் காலியான குழம்புச் சட்டியை ஏதோ பெரிய காரியம்போல நகர்த்திவைத்தாள்.

ஜட்ஜ் வீட்டை விடுவது சேஷனுக்கு லேசில்லை. தெருவில் நாலு பேருக்குச் சொன்னது நாற்பது பேருக்குப் போயிருந்தது. ஹோட்டல் முதலாளியே நேற்று அவனை மரியாதையாக விசாரித்தார். அது எல்லாம் அவன் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போவதை அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் சிலேட்டைத் தன் பக்கம் இழுத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் மாதிரி விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போனான். நடை, பஸ், வேலை, குளியல், குளியல்.

"நான் குளிச்சதை விட்டுட்டேன்னு என்னைச் சொன்னியே அனந்தம். நீ உன்னையே விட்டுட்டியே."

சேஷன் மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினான். எட்டரை தாண்டிவிட்டது, காலையில் சொன்னால் ஆகாதா என்று அவள் கேட்டாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை, விடிந்ததும் அவர் வேறு ஆளைப் பேசிவிட்டால் என்ன செய்வது என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு வீடு தள்ளி மெஸ் வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ராமசுப்ரமணியனின் குரல் ஆச்சரியத்தோடு கேட்டது. ஜட்ஜாத்து வேலை என்ன ஆச்சு, அவாளுக்குச் சமையல் பிடிக்கலையா என்று விசாரித்தார். சேஷன் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்துக் கேட்கிற குரலில் பதில் சொன்னான்.

"அவாளுக்கெல்லாம் பிடிச்சுது. எனக்குத்தான் ஜட்ஜாத்துச் சம்பளம் கட்டுப்படியாகலை."

தெருவே சிரித்தது. அனந்தலக்ஷ்மி கதவுக்குப் பின்னால் புடைவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். நாற்பது அடிதானே, அவன் திரும்பி வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.